மஞ்சளான தலையணையும் வியர்வைக் கறை மெத்தை உறையும்: முதலில் எண்ணெய், பிறகு நிறம்

உறையைக் கழற்றினால்தான் தலையணையின் உண்மையான நிறம் தெரியும். வாங்கும்போது பளிச்சென்று இருந்த வெள்ளைத் துணியில் தலை வைக்கும் இடம் மட்டும் மஞ்சளாகி, அதன் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடியிருக்கும். மேட்ரஸ் ப்ரொடெக்டர் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்தக் காட்டன் மெத்தை உறையிலும் தோளும் முதுகும் படும் இடங்களில் இதே கறைதான். வழக்கமான சலவைக்கு இது அசைந்து கொடுக்காது. அடுத்து பல வீடுகளில் பிளீச்சிங் பவுடரை எடுப்பார்கள். அதற்கும் போகாவிட்டால் சொட்டு நீலம்.

இந்த இரண்டாலும் மஞ்சள் முழுதாகப் போவதில்லை. சில சமயம் கூடவும் செய்கிறது. காரணம் எளிது. அந்த மஞ்சள், துணியின் மேல் படிந்த அழுக்கு அல்ல. நூலுக்குள் இறங்கிக் காற்றுப் பட்டு மாறிப்போன எண்ணெய். எண்ணெயை வெளியே எடுக்காமல் நிறத்தை மட்டும் வெளுக்கப் பார்த்தால், மேலே வெளுத்து உள்ளே அப்படியே இருக்கும். சில வாரங்களில் திரும்ப வந்துவிடும். முதலில் எண்ணெய், பிறகு நிறம் என்ற வரிசையில் வேலை செய்தால், இரண்டு மூன்று வருடம் பழகிய தலையணையைக்கூடப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

வியர்வைக்கு நிறம் கிடையாது

வியர்வை கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர்தான். அதில் உப்பும் கொஞ்சம் யூரியாவும் கரைந்திருக்கும். இவை தண்ணீரில் கரையும் பொருள்கள் என்பதால் சாதாரணச் சலவையிலேயே போய்விடும். கறையாக நிற்பது தோலும் மயிர்க்கால்களும் சுரக்கும் எண்ணெய். முகம், தலை, கழுத்து, முதுகு ஆகிய இடங்களில் இந்தச் சுரப்பு அதிகம். இந்த எண்ணெயில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எளிதில் சேரும் கொழுப்புகள் உண்டு. நாள்பட அவை ஆக்சிஜனோடு சேர்ந்து மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, ஒன்றோடொன்று பிணைந்து பிசின் போலக் கெட்டிப்படுகின்றன. திறந்து வைத்த எண்ணெயில் காறல் வாடை வருவதும் இதே மாற்றத்தால்தான். பழைய தலையணையை முகர்ந்தால் அந்த வாடை தெரியும்.

தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் இதில் சேர்ந்துகொள்கிறது. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி, ஆக்சிஜனோடு சுலபத்தில் சேராத கொழுப்பு. அதனால் அது மெதுவாகத்தான் மஞ்சளாகும். நல்லெண்ணெயும் பாதாம் எண்ணெயும் அப்படி அல்ல. அவை விரைவாக மாறும். எண்ணெய் தேய்த்த தலையோடு படுத்தால் கறை எவ்வளவு சீக்கிரம் வரும் என்பது எந்த எண்ணெய் என்பதையும் பொறுத்தது.

சாதாரணச் சலவை ஏன் தோற்கிறது? குழாய்த் தண்ணீரின் வெப்பத்தில் தோல் எண்ணெய் முழுதாக இளகுவதில்லை. இளகாத எண்ணெயைச் சோப்பால் பிரித்தெடுக்க முடியாது. அது மட்டுமல்ல, மலிவு விலைத் தலையணைகளின் மேல்துணி பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது. பாலியஸ்டர் தண்ணீரை விரும்பாது, எண்ணெயை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஒரே கட்டிலில் கிடந்தாலும் முழுக் காட்டன் மெத்தை உறை வெளுக்கும் அளவுக்குப் பாலியஸ்டர் கலந்த தலையணை வெளுப்பதில்லை.

கறையின் ஓரத்தில் ஓடும் அந்த அடர்ந்த கோட்டுக்கும் காரணம் உண்டு. வியர்வையில் நனைந்த இடம் காயும்போது, ஈரம் விளிம்பை நோக்கி நகர்கிறது. கரைந்ததையெல்லாம் கூடவே இழுத்துச் சென்று அங்கே விட்டுவிட்டு ஆவியாகிறது. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பொதுவான தவறைத் தவிர்க்கலாம். கறை இருக்கும் இடத்தை மட்டும் நனைத்துத் தேய்த்து விட்டுவிடக் கூடாது. அப்படிச் செய்தால் பழைய வட்டத்துக்கு வெளியே புதிதாக இன்னொரு வட்டம் வரும். கறைக்குத் தனியாக மருந்து போடலாம். ஆனால் அன்றே துணி முழுவதையும் நனைத்து அலச வேண்டும்.

தொடங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கறையின் மீது ஈரச் சோப்பைக் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் நிறம் சட்டென்று செந்நிறமாக மாறினால் அது வியர்வைக் கறை அல்ல, முகத்துக்குப் பூசிய மஞ்சள். சோப்பின் காரத்தன்மை பட்டதும் மஞ்சள்தூளின் சாயம் சிவக்கும். பயப்பட வேண்டியதில்லை. சோப்பை அலசிவிட்டு வெயிலில் போட்டால் போதும். வெளிச்சத்தைத் தாங்காத சாயம் அது, சில நாளில் வெளிறிவிடும். நிறம் மாறாமல் அப்படியே இருந்தால் எண்ணெய்க் கறை. இனி சொல்லப்போவது அதற்கான வழி.

எந்தத் தலையணையை நனைக்கலாம்?

இலவம்பஞ்சுத் தலையணையை ஒருபோதும் முழுதாகத் தண்ணீரில் போடக் கூடாது. இலவம்பஞ்சின் இழை உள்ளே வெற்றுக் குழாய். மேலே மெழுகு போன்ற பூச்சு இருக்கும். தண்ணீரில் நனையாமல் மிதக்கும் குணத்தால்தான் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காக்கும் அங்கிகளில் இதை அடைத்தார்கள். ஆனால் சோப்புத் தண்ணீர் அந்தத் தடையை மீறி உள்ளே போய்விடும். போனால் பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். நடுவில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அதற்கு ஒரே வழி, ஒரு பக்கத் தையலைப் பிரித்துப் பஞ்சை வேறொரு பழைய உறைக்குள் மாற்றி வெயிலில் காயவைத்து, வெறும் மேல்துணியை மட்டும் வெளுத்து, மறுபடி அடைத்துத் தைப்பதுதான். கட்டியும் பொடியுமாகிவிட்ட பஞ்சை அந்தச் சமயத்தில் கழித்துவிடலாம்.

மெமரி ஃபோம், ரப்பர் ஃபோம் தலையணைகளையும் ஊறவைக்கக் கூடாது. ஊறிய ஃபோம் தன் எடையைத் தாங்காமல் தூக்கும்போதே கிழியும். இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளை ஃபோம் காற்றும் வெளிச்சமும் பட்டுத் தானாகவே மஞ்சளாகும். அது கறை அல்ல, அந்தப் பொருளே மாறுவது. எந்த மருந்துக்கும் திரும்பாது. ஃபோமுக்கு மேலே இருக்கும் ஜிப் போட்ட துணியைக் கழற்றித் துவைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரப்பர் ஃபோமை வெயிலிலும் போடாதீர்கள், பொடிந்துபோகும்.

முழுதாக நனைக்கத் தகுந்தது ஃபைபர் தலையணை. இன்று கடைகளில் அதிகம் விற்பது அதுதான். ஆனால் முதலில் அதற்கு இன்னும் ஆயுள் இருக்கிறதா என்று பாருங்கள். தலையணையை இரண்டாக மடித்துச் சில நொடி அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். தானாக விரிந்தால் துவைக்கலாம். மடித்தது மடித்தபடியே கிடந்தால் உள்ளே இருக்கும் ஃபைபர் செத்துவிட்டது. அதை வெளுத்து மெனக்கெடுவது வீண்.

பிளீச்சிங் பவுடர் வேண்டாம், ஆக்சிஜன் பிளீச் போதும்

பிளீச்சிங் பவுடரும் கடையில் விற்கும் பிளீச் திரவமும் குளோரின் வகை. அவை வியர்வையிலும் தோல் செதிலிலும் உள்ள புரதத்தோடு சேர்ந்தால் மஞ்சள் நிறப் பொருளை உண்டாக்கக்கூடியவை. காட்டன் நூலையும் அரித்துப் பலவீனமாக்கும். அப்படி அரிக்கப்பட்ட காட்டன் பிறகு தானே மஞ்சளாகும். மெத்தை உறையின் அடிப்பக்க நீர்த்தடுப்புப் பூச்சை விரிசல் விடச் செய்யும். குழந்தை படுக்கையை நனைத்த துணியில் இதை ஊற்றினால், சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவோடு சேர்ந்து கண்ணையும் மூச்சையும் தாக்கும் வாயு கிளம்பும். வினிகரோ எலுமிச்சையோ சேர்த்தால் குளோரின் வாயுவே வெளிவரும். எனவே இந்த வேலையிலிருந்து குளோரினை முழுதாக விலக்கிவிடுங்கள்.

நமக்குத் தேவை ஆக்சிஜன் பிளீச். அதன் பெயர் சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் போட்டதும் சலவை சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும் வெள்ளைப் பொடி அது. சலவை சோடா எண்ணெயை இளக்கி, உப்புத் தண்ணீரின் கடினத்தையும் குறைக்கிறது. பெராக்சைடு, மஞ்சள் நிறத்தைத் தரும் பிணைப்புகளை உடைக்கிறது. ஒரே பொடி நம்முடைய இரண்டு வேலைகளையும் செய்கிறது. ஆன்லைனில் இதே பெயரில் கிடைக்கும். கடைகளில் கறை நீக்கும் பவுடர் என்று விற்பவற்றிலும் பல இதைக் கொண்டவை. பாக்கெட்டின் பின்புறம் சோடியம் பெர்கார்பனேட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கலவைப் பவுடரில் இதன் பங்கு குறைவு என்பதால் கீழே சொல்லும் அளவைவிடக் கூடுதலாகத் தேவைப்படும்.

இந்தப் பொடிக்குச் சூடு வேண்டும். பச்சைத் தண்ணீரில் மிக மந்தமாகத்தான் வேலை செய்யும். 40 டிகிரிக்கு மேல் சுறுசுறுப்பாகும். வெப்பமானி இல்லாமலே கணக்கிட்டுக்கொள்ளலாம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஏறத்தாழ 30 டிகிரி இருக்கும். இரண்டு பங்கு குழாய்த் தண்ணீரில் ஒரு பங்கு கொதிநீரை ஊற்றினால் 50 டிகிரியைக் கொஞ்சம் தாண்டும். ஆறு பங்குக்கு ஒரு பங்கு ஊற்றினால் 40.

ஆப்ப சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து ஊற்றச் சொல்லும் யோசனை எங்கும் பரவியிருக்கிறது. நுரை பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பெரிதாக நடப்பது போலத் தோன்றும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்ட பிறகு பாத்திரத்தில் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர். தனித்தனியே இரண்டுக்கும் பயன் உண்டு, சேர்த்தால் இல்லை.

தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். போர் தண்ணீர் பிடித்து வைத்த வாளியின் உட்புறம் செம்பழுப்பாகப் படிந்தால் இரும்பு இருக்கிறது. இரும்பு பெராக்சைடை வீணாகச் சிதைக்கும். இரும்புத் துகள் ஒட்டிய இடத்தில் துணியே இற்றுப்போகலாம். அப்படிப்பட்ட வீடுகளில் இந்த ஒரு வேலைக்கு மட்டுமாவது குடிநீரைப் பயன்படுத்துங்கள். ஊறவைக்கப் பிளாஸ்டிக் தொட்டிதான் வேண்டும். பித்தளை, இரும்பு, அலுமினியப் பாத்திரங்கள் ஆகாது.

இரண்டு தலையணைகள்: படிப்படியாக

ஒரு வீட்டில் மூன்று வருடம் பயன்படுத்திய இரண்டு ஃபைபர் தலையணைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மடித்துப் பார்த்தால் விரிகின்றன. நடுவில் அடர்மஞ்சள், விளிம்பில் பழுப்பு. நனைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று 800 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண் பிறகு உதவும்.

முதல் கட்டம் எண்ணெய் எடுப்பது. தலையணையை உலர்ந்த நிலையிலேயே வைத்து, மஞ்சளான இடமெல்லாம் சலவைத் திரவத்தைத் தண்ணீர் சேர்க்காமல் தடவுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். என்சைம் சேர்ந்தது என்று பாட்டிலில் போட்டிருந்தால் இன்னும் நல்லது. கொழுப்பையும் புரதத்தையும் சிறு துண்டுகளாக வெட்டும் பொருள்கள் அவை. மென்மையான பிரஷ்ஷால் நூலுக்குள் இறங்கும்படி தேய்த்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு 40 டிகிரித் தண்ணீரில் அமுக்கிப் பிசைந்து அலசுங்கள். இந்த முதல் கட்டத்தில் சூடு மிக அதிகமாக வேண்டாம், என்சைம் செயலிழந்துவிடும். தண்ணீர் கலங்கி, பழைய பிசுக்கு வாடை வெளியே வரும். இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். இரத்தக் கறை ஏதும் இருந்தால் அதை மட்டும் இதற்கெல்லாம் முன்பே பச்சைத் தண்ணீரில் அலசிவிட வேண்டும். சுடுநீர் பட்டால் அது உறைந்து பிடித்துக்கொள்ளும்.

இரண்டாம் கட்டம் நிறத்தை வெளுப்பது. தொட்டியில் முதலில் 10 லிட்டர் குழாய்த் தண்ணீர், அதன்மேல் 5 லிட்டர் கொதிநீர். குளிர்ந்த நீர் முதலில் என்பது கைக்குப் பாதுகாப்பு. இரண்டும் கலந்த பிறகே பொடியைப் போடுங்கள். கொதிநீரில் நேரடியாகக் கொட்டினால் ஆக்சிஜன் சில நிமிடங்களில் பொங்கி வெளியேறிவிடும். 15 லிட்டருக்கு 100 கிராம், அதாவது குவிக்காத ஆறேழு மேசைக்கரண்டி. கையுறை போட்டுக்கொண்டு நன்றாகக் கரைத்து, ஒரு தலையணையை இறக்குங்கள். அது மிதக்கும். தண்ணீருக்குள் அமுக்கி உள்ளே இருக்கும் காற்று குமிழிட்டு வெளியேறும்வரை பிசைந்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்துத் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைப் பாரமாக ஏற்றுங்கள். தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வெளுக்காது. இரண்டாவது தலையணைக்குத் தனியாக இன்னொரு தொட்டியும் இன்னொரு கரைசலும் வேண்டும். ஒன்றுக்குள் இரண்டைத் திணித்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் வரும்.

சூடு ஆற ஆற வேலையும் மெதுவாகும். அதனால் மூடி போட்டு, மேலே பழைய போர்வையால் சுற்றி வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். வாயு வெளியேற வழி இருக்க வேண்டும். இதே காரணத்தால் மிச்சக் கரைசலைப் பாட்டிலில் அடைத்து வைக்கவே கூடாது, வெடிக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் நீர்த்த தேநீர் நிறத்துக்கு வந்திருக்கும். வேலை நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒருமுறை புரட்டிப் போடுங்கள். ஐந்தாறு மணி நேரத்தில் சிறு குமிழ்கள் வருவது நின்றுவிடும். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் ஊறுவதால் பயனில்லை.

தலையணையை எடுத்துப் பாருங்கள். நடுவில் இருந்த மஞ்சள் வெளிர் கிரீம் நிறத்துக்கு வந்திருக்கும். விளிம்புக் கோடு இன்னும் லேசாகத் தெரியலாம். முன்பைவிடக் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இருந்தால் அதே அளவில் புதுக் கரைசல் போட்டு இன்னொரு முறை ஊறவைக்கலாம். எந்த மாற்றமும் இல்லை என்றால் எண்ணெய் இன்னும் உள்ளே இருக்கிறது. பொடியின் அளவைக் கூட்டாமல் முதல் கட்டத்துக்குத் திரும்புங்கள்.

கடைசி வேலை அலசுவது. நுரை நின்றால் போதாது. துணியைத் தொட்டால் வழுக்கக் கூடாது. வழுக்கினால் காரம் மிச்சம் இருக்கிறது. காரமும் சோப்பும் தங்கிய துணி சூட்டில் மஞ்சளாகும். குறைந்தது நான்கு முறை தண்ணீர் மாற்றுங்கள். அதன் பிறகும் வழுக்கினால் ஒரு வாளித் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்து ஒருமுறை முக்கி எடுத்து, மறுபடி வெறும் தண்ணீரில் அலசுங்கள்.

மெத்தை உறையைத் தொடும் முன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

மெத்தை உறையில் இரண்டு வகை உண்டு. மேலும் கீழும் காட்டன், நடுவில் மெல்லிய பஞ்சு வைத்துத் தைத்தது ஒன்று. மேலே காட்டன் துண்டுத் துணி, அடியில் வழவழப்பான நீர்த்தடுப்புப் படலம் ஒட்டியது மற்றொன்று. திருப்பிப் பார்த்துத் தொட்டாலே தெரியும். துவைக்கும் முறையில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

முழுக் காட்டன் வகைக்குத் தலையணைக்குச் சொன்ன அதே வழிதான். இரட்டைக் கட்டில் அளவு உறை ஒன்றுக்கு 13 லிட்டர் குழாய்த் தண்ணீரும் 7 லிட்டர் கொதிநீரும் 150 கிராம் பொடியும் தேவைப்படும். காட்டன் எண்ணெயை எளிதாக விடும் என்பதால் பெரும்பாலும் ஒரே முறையில் வெளுத்துவிடும்.

படலம் ஒட்டிய வகைக்குச் சூடும் நேரமும் குறைய வேண்டும். 18 லிட்டர் குழாய்த் தண்ணீரில் 3 லிட்டர் கொதிநீர் ஊற்றினால் 40 டிகிரி வரும். பொடி அதே 150 கிராம். மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம். ராத்திரி முழுக்க ஊறினால் படலத்தை ஒட்டியிருக்கும் பசை தளரக்கூடும். காட்டன் பக்கம் வெளிப்புறமாக இருக்கும்படி தளர்வாக மடித்து இறக்குங்கள். படலத்துக்குள் தண்ணீர் புகாது என்பதால் மடிப்புகளுக்கு நடுவே கரைசல் போகிறதா என்று அடிக்கடி கலைத்துவிட வேண்டும்.

இந்த வகையை மெஷினில் ஸ்பின் போடாதீர்கள். நீர் வடிய வழியில்லாமல் படலத்துக்குள் தண்ணீர் பை போலத் தேங்கும். டிரம் வேகம் எடுக்கும்போது பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து மெஷினே அதிர்ந்து நகரும். கையால் அழுத்தி நீரை வடித்துக் கொடியில் தொங்கவிடுங்கள். படலப் பக்கம் வெயில் படாமல் காட்டன் பக்கம் படும்படி போடுங்கள். இஸ்திரி வேண்டாம். காய்ந்த பிறகு, அடியில் செய்தித்தாள் விரித்து உறையின்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். தாள் நனைந்திருந்தால் படலம் போய்விட்டது; அந்த உறை இனி மெத்தையைக் காக்காது.

மொத்தமாக ஊறிய பிறகும் ஒன்றிரண்டு இடங்கள் அடம் பிடித்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். நம் ஊரில் பொதுவாகக் கிடைப்பது 6 சதவீதக் கரைசல். அதோடு சம அளவு தண்ணீர் சேர்த்து, சில சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவமும் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும் கலந்து கறைமேல் தடவி அரை மணி நேரம் ஈரமாகவே வைத்திருங்கள். காய்ந்துவிடக் கூடாது. பிறகு துணி முழுவதையும் அலசுங்கள். வண்ணக் கரை வைத்த உறையாக இருந்தால் முதலில் ஒரு மூலையில் தடவிச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ந்ததா என்பதை எடை சொல்லும்

வெளுப்பதைவிடக் காயவைப்பதில்தான் அதிகத் தலையணைகள் கெட்டுப்போகின்றன. மேல்துணி ஒரே நாளில் காய்ந்து தொடுவதற்குச் சுகமாக இருக்கும். நடுவில் ஈரம் ஒளிந்திருக்கும். உறை போட்டுப் படுத்தால் ஒரு வாரத்தில் மக்கல் வாடையும் அதன் பிறகு கரும்புள்ளிகளும் வரும்.

முறுக்கிப் பிழியக் கூடாது. ஃபைபர் ஒரு பக்கமாகத் திரண்டுவிடும். இரண்டு துண்டுகளுக்கு நடுவே வைத்து மேலிருந்து அழுத்துங்கள். மேலே திறக்கும் மெஷின் இருந்தால் இரண்டு தலையணைகளையும் எதிரெதிரே நிறுத்தி ஸ்பின் மட்டும் போடலாம். பிறகு கயிற்றுக் கட்டிலிலோ, கீழே காற்றுப் புகும் வேறு இடத்திலோ படுக்கவையுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, கட்டியான இடங்களைக் கையால் பிய்த்துவிடுங்கள்.

முன்பு குறித்து வைத்த எடை இங்கேதான் கைகொடுக்கும். நம் எடுத்துக்காட்டில் 800 கிராம். முதல் நாள் மாலையில் நிறுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் காட்டும். இரண்டாம் நாள் மாலை 860. தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். ஆனால் 60 கிராம் தண்ணீர் உள்ளே இருக்கிறது என்று தராசு சொல்கிறது. மூன்றாம் நாள் 800 அல்லது அதைவிடக் கொஞ்சம் குறைவு. இப்போதுதான் உறை போடலாம். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் பிடிக்கும் வேலை என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இதில் இறங்க வேண்டாம்.

தராசு இல்லாதவர்கள் தலையணையை நிறமற்ற பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். பையின் உட்புறம் நீர்த்துளி பூத்தால் இன்னும் காயவில்லை.

எது போகாது, எங்கே நிறுத்துவது

கரும்புள்ளிகள் பூஞ்சை. அவற்றின் நிறம் கொஞ்சம் மங்கலாம். ஆனால் ஃபைபருக்குள் போன பூஞ்சையை வெளியே எடுக்க முடியாது. புள்ளிகள் உள்ளே இறங்கிய தலையணையை, குறிப்பாக வீட்டில் ஆஸ்துமா இருப்பவர்கள் இருந்தால், கழித்துவிடுவதே சரி. ஆரஞ்சு நிறத்தில் சிறு சிறு பொட்டுகள் இருந்தால் இரும்புக் கறை. அதற்கு ஆக்சிஜன் பிளீச் உதவாது. ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்துத் தடவினால் கரையும்.

சொட்டு நீலத்துக்கு இந்த வேலையில் கடைசி இடம் உண்டு. நீலம் எதையும் வெளுப்பதில்லை. மஞ்சளும் நீலமும் கண்ணில் ஒன்றையொன்று சமன் செய்வதால் துணி வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெய் நிறைந்த துணியில் போட்டால் பிசுக்கு இருக்கும் இடமும் இல்லாத இடமும் வேறுவேறு மாதிரி பிடித்துத் திட்டுத்திட்டாக, சாம்பல் நிறமாக வரும். எண்ணெய் போய், மஞ்சளும் பெரும்பாலும் போன பிறகு, மிஞ்சிய லேசான கிரீம் நிறத்தை மறைக்க ஒரு வாளிக்குச் சில துளி போதும்.

மறுபடி மஞ்சளாவதைத் தள்ளிப்போட, தலையணைக்கும் வழக்கமான உறைக்கும் நடுவே ஜிப் வைத்த இன்னொரு காட்டன் உறையைப் போடுங்கள். வெளி உறையை வாரம் ஒருமுறையும் உள் உறையை மாதம் ஒருமுறையும் வெந்நீரில் துவைத்தால், எண்ணெய் ஃபைபரை எட்டுவதற்குள் துணியோடு வெளியேறிவிடும். புதிய எண்ணெய் சோப்புக்கு எளிதில் விடும். மாதக்கணக்கில் காற்றுப் பட்டு இறுகியதுதான் விடாது.

இரண்டு முறை ஊறிய பிறகும் ஒரு மெல்லிய கிரீம் நிறம் தங்கியிருந்தால், தலையணையை முகர்ந்து பாருங்கள். காறல் வாடை இல்லை, கையில் பிசுக்கு ஒட்டவில்லை, அலசிய தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்றால் அழுக்கு போய்விட்டது. எஞ்சியிருப்பது நிறம் மட்டும். அதையும் விரட்டப் போய் மூன்றாவது, நான்காவது முறை ஊறவைத்தால் இனிமேல் இழப்பது மஞ்சளை அல்ல, நூலின் வலுவை. உறைக்குள் போகப்போகிற துணிக்கு அது தேவையில்லை. அங்கேயே நிறுத்திவிடலாம்.